பன்னிரண்டு லட்சம் எழுத்து, ஒன்றரை லட்சம் அச்சு

1773-ல் பெய்ஜிங் அரண்மனையின் நூல் பதிப்பைக் கவனித்துவந்த ஜின் ஜியன், பேரரசர் சியன்லுங்குக்கு ஒரு செலவுக் கணக்கு எழுதினார். ‘ஷிஜி’ என்ற பழைய வரலாற்று நூலை மரப்பலகைகளில் செதுக்கி அச்சிட 2,675 பலகைகள் தேவை. செதுக்க வேண்டிய எழுத்துகள் ஏறக்குறைய 12 லட்சம். பலகை விலை, கூலி எல்லாம் சேர்த்து 1,450 லியாங் வெள்ளிக்கு மேல் போகும். அதற்குப் பிறகு அந்தப் பலகைகள் ‘ஷிஜி’யைத் தவிர வேறெதற்கும் உதவாது. ஏறத்தாழ அதே பணத்தில் இலந்தை மரத்தில் ஒன்றரை லட்சம் தனித்தனி எழுத்துகளைச் செதுக்கிவிடலாம். அவற்றைக் கோத்து எந்த நூலையும் அச்சிடலாம், பிரித்து அடுக்கிவைத்து அடுத்த நூலுக்கு எடுக்கலாம். பேரரசர் சம்மதித்தார். கடைசியில் இரண்டரை லட்சம் எழுத்துகள் தயாராயின.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த யோசனைக்கு அப்போதே 700 வயது. 1040-களில் பி ஷெங் என்ற எளிய மனிதர் களிமண்ணில் எழுத்துகளைச் செய்து சுட்டெடுத்தார். ஓர் இரும்புத் தட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலந்த பசையைப் பரப்பி, இரும்புச் சட்டத்துக்குள் எழுத்துகளை நெருக்கி அடுக்கினார். தட்டைச் சூடாக்கிப் பசை இளகியதும் மேலே ஒரு சமதளப் பலகையை வைத்து அழுத்தினால் எழுத்துகள் ஒரே மட்டத்தில் நிற்கும். அச்சிட்டு முடிந்ததும் மறுபடி சூடாக்கினால் உதிர்ந்துவிடும். ஒரு தட்டில் அச்சிடும்போதே இன்னொன்றைக் கோத்துவிடலாம். அடிக்கடி வரும் எழுத்துகளில் இருபதுக்கும் மேல் வைத்திருந்தார். அரிய எழுத்து வந்தால் அங்கேயே செய்து வைக்கோல் தீயில் சுட்டுக்கொண்டார். இவ்வளவையும் எழுதிவைத்த ஷென் குவோ, இரண்டு மூன்று பிரதிகளுக்கு இந்த முறை லாயக்கில்லை, நூற்றுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் என்றால்தான் வேகம் என்றும் சேர்த்தே சொன்னார்.

இருந்தும் சீனாவின் புத்தகக் கடைக்காரர்கள் மரப்பலகையை விடவில்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட மொழி என்பதால்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அந்தத் தொல்லை தீர்க்கக்கூடியது என்று அரண்மனையே காட்டிவிட்டது. பெரிய காரணம் முதலீடு. பலகையில் செதுக்கிவிட்டால் மை தடவி, தாளை வைத்துத் தூரிகையால் தேய்த்தால் போதும், அச்சு இயந்திரம் வேண்டாம். இன்று முப்பது பிரதி எடுத்து விற்கலாம். அடுத்த ஆண்டு யாராவது கேட்டால் அதே பலகையை வெளியே எடுக்கலாம். தனி எழுத்தில் அது முடியாது. அடுத்த பக்கத்துக்கு எழுத்து வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தைக் கலைத்தாக வேண்டும். ஆகவே எத்தனை பிரதி என்பதை முதலிலேயே முடிவு செய்து, அவ்வளவு காகிதத்தையும் வாங்கி அச்சிட்டு, விற்கும்வரை காத்திருக்க வேண்டும். செதுக்கும் கூலி மலிவாக இருந்த ஊரில் சின்ன வியாபாரி ஏன் அந்த ஆபத்தில் இறங்க வேண்டும்? ஒரே சமயத்தில் பல நூல்களை அச்சிட்ட அரண்மனைக்குத்தான் ஜின் ஜியனின் கணக்கு பொருந்தியது.

கொரியாவிலும் கதை இதேதான், விளைவு மட்டும் வேறு. அங்கே படித்தவர்கள் கொஞ்சம். நூல்கள் பல, ஒவ்வொன்றிலும் சில பிரதிகளே போதும். அதற்குத் தனி எழுத்து கச்சிதம். 1377-ல் உலோக எழுத்தில் அச்சான ‘ஜிக்ஜி’ என்ற பௌத்த நூலின் ஒரு பகுதி இன்றும் பாரீஸில் இருக்கிறது. 1403-ல் அரசரே எழுத்து வார்க்கும் பட்டறை அமைத்தார். அரசின் கையில் இருந்ததால் செலவைப் பற்றிய கவலை இல்லை. விற்பனை நோக்கமும் இல்லை. அதனால் நூல்கள் சந்தைக்குப் பெருகவும் இல்லை.

மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் தொடங்கியதோ கடன் வாங்கிய வியாபாரம். உலோக எழுத்து, அழுத்து இயந்திரம், எண்ணெய் மை எல்லாவற்றுக்கும் முன்பணம். சுமார் 180 பைபிள் பிரதிகள் அச்சாகி முடியும் வேளையில், 1455-ல், பணம் கொடுத்த ஃபுஸ்ட் வழக்குப் போட்டு வென்றார். ஷென் குவோவின் கணக்கும் கடைக்காரர்களின் அச்சமும் இங்கே ஒரே மனிதரின் தலையில் இறங்கின. ஆனால் லத்தீன் படிப்பவர்கள் ஐரோப்பா முழுக்க இருந்தார்கள். ஒரு ஊரில் விற்காதது இன்னொரு ஊரில் விற்கும். 1462-ல் மைன்ஸ் சூறையாடப்பட்டதும் அச்சுத் தொழிலாளர்கள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள். போன இடமெல்லாம் தொழிலும் போனது.

அரபு எழுத்தில் தடை வேறு மாதிரி. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வடிவம் மாறும். அழகாக எழுதப்படாத பக்கத்தை வாசகர் ஏற்கவும் மாட்டார். இஸ்தான்புல்லில் இப்ராஹிம் முத்தஃபெரிகா 1729-ல் முதல் நூலை வெளியிட்டும் தொழில் பரவலாக வேரூன்றவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபோது நிலைமை மாறியது. கைப்பட எழுதியதை அப்படியே பெருக்கலாம், கோக்க எழுத்தே வேண்டாம். ஈரானும் லக்னோவும் அதைப் பற்றிக்கொண்டன. சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளிதழ், கணினிக் காலத்திலும் பக்கங்களைக் கையால் எழுதியே அச்சுக்கு அனுப்பிவந்தது.