பாதிப் பேரைத் தெரிந்தால் போதும்

ஓர் அறையில் 10 பேர். ஒவ்வொருவருக்கும் மற்றவர்களில் குறைந்தது 5 பேரோடு அறிமுகம் உண்டு. அப்படியானால் அறிமுகங்களின் வழியே யாரும் யாரையும் எட்டிவிடலாம். ஆட்களை முனைகளாகவும் அறிமுகங்களைக் கோடுகளாகவும் வரைந்தால், படம் துண்டுபடாது.

ஏன்? ஒருவரையொருவர் அறியாத இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரின் நண்பர்களும் மீதியுள்ள 8 பேருக்குள்தான் இருக்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் சேர்த்துக் குறைந்தது 10 பெயர்கள், ஆட்களோ 8. எனவே 2 பேராவது இரண்டிலும் வந்தே தீருவார்கள். இடையில் ஒரே ஆள் போதும்! n முனைகள் இருந்தாலும் இதே கணக்குதான்: n-2 பேருக்குள் n பெயர்கள்.

5 என்பது 4 ஆனால் உறுதி போய்விடும். ஐந்தைந்து பேராக இரண்டு குழுக்கள். குழுவுக்குள் எல்லோரும் பழக்கம், வெளியே ஒருவரும் இல்லை. ஆளுக்கு 4 அறிமுகம் இருந்தும் பாதை இல்லை.