ஒரு தட்டுச் சோறும் நான்கு துறைகளும்

பொது நிர்வாகம் கற்றுக்கொள்ளக்கூடிய அறிவியலா, கைப்பழக்கத்தாலும் பட்டறிவாலும் வரும் கலையா என்ற விவாதம் நூறாண்டுக்கும் மேல் பழையது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சன், நிர்வாகத்தை அரசியலிலிருந்து பிரித்துத் தனியே ஆராயலாம் என்று 1887-இல் எழுதினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பலர் அதற்கு விதிகள் வகுத்தார்கள். ஒரு ஊழியருக்கு ஒரே மேலதிகாரி இருக்க வேண்டும், வேலையை அதில் தேர்ந்தவரிடமே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. 1946-இல் ஹெர்பர்ட் சைமன் இவை பழமொழிகளைப் போல ஒன்றையொன்று மறுக்கின்றன என்று காட்டினார்.

அவர் சொன்ன முரணைத் தமிழ்நாட்டுச் சத்துணவு மையம் எதிலும் காணலாம். மையம் இருப்பது பள்ளி வளாகத்துக்குள். பள்ளியோ கல்வித் துறையின் கீழ் இயங்குகிறது. சத்துணவுத் திட்டம் சமூகநலத் துறையைச் சேர்ந்தது. ஒன்றிய அளவில் அதைக் கண்காணிப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். பருப்பு வேகவில்லை என்றால் முதலில் கேள்வி கேட்பவர் தலைமை ஆசிரியர். ஆனால் சத்துணவு அமைப்பாளர் அவருடைய துறை ஊழியர் அல்ல. ஒரே மேலதிகாரி என்ற விதியைப் பிடித்தால் ஆசிரியர் தலையில் சமையல் விழும். தேர்ச்சிப்படி பிரித்தால் ஒரே வளாகத்தில் இரண்டு அதிகாரங்கள் நிற்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை விதி சொல்லாது.

ஆனாலும் கணக்கிட்டு அறியக்கூடிய பகுதி பெரியது. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம் என்பது மத்திய அரசின் அளவு. ஒரு பள்ளியில் 120 பேர் பதிவில் இருந்தால் 20 வேலைநாளுக்கு 240 கிலோ அரிசி வேண்டும். சராசரியாக 90 பேரே உண்டால் 180 கிலோ போதும். மீதி 60 கிலோ இருப்பறையில் தேங்கி வண்டு பிடிக்கும், அல்லது வெளியே போகும். எது நடந்தது என்பதை உண்டோர் பதிவேட்டிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். ஊரில் திருவிழா நடந்த நாளிலும் கனமழை நாளிலும் அதே 118, 119 என்று எழுதியிருந்தால், அந்த ஏடு எண்ணிப் பார்த்து எழுதப்பட்டதல்ல. இந்த இருப்பு மேலாண்மையை நிர்வாகவியல் வணிக நிறுவனங்களின் மேலாண்மையிலிருந்து எடுத்துக்கொண்டது.

பள்ளியில் உணவு ஏன் என்பதற்கு விடை பொருளாதாரத்திடம் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்குக் கட்டணமில்லாப் பள்ளியும் இலவசமல்ல. பிள்ளை ஆடு மேய்த்தாலோ தம்பியைப் பார்த்துக்கொண்டாலோ வீட்டுக்குக் கிடைத்திருக்கும் பயன் இல்லாமல் போகிறது. மதியச் சோறு அந்த இழப்பில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. 1956-இல் காமராஜர் ஆட்சி தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்ததில் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு.

இந்தக் கணக்குக்கு எட்டாத இடத்தில் சாதி நிற்கிறது. பட்டியல் சாதிப் பெண் சமைத்தால் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் பல மாநிலங்களில் இருந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் அத்தகைய செய்திகள் வந்துள்ளன. சமையலரை வேறு ஊருக்கு மாற்றினால் மறுநாளே சலசலப்பு அடங்கும், உணவும் தடையின்றி நடக்கும். பதிவேட்டின்படி அது வெற்றி. உண்மையில் அரசே தீண்டாமைக்கு உடன்பட்டதாகும். ஊரில் யார் சொன்னால் யார் கேட்பார், எந்தக் குடும்பம் முதலில் இறங்கிவரும் என்று அறிய சமூகவியல் உதவும். அதை அறிந்தபின் அந்த ஊருக்குப் போய், அவளே சமைப்பாள் என்று உறுதியாக நின்று, பேச்சையும் குலைக்காமல் காப்பது அதிகாரியின் திறமை. கலை என்ற சொல் மிகப் பொருந்துவது இங்கேதான்.

சட்டம் இதற்கு எலும்பாக நிற்கிறது. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னதால், உறுதியாக நிற்கும் அதிகாரி தன் சொந்த விருப்பத்தைத் திணிப்பவர் ஆவதில்லை. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளி உணவை உரிமையாக்கியது. எனவே உணவு வராத நாள் கேள்விக்குரிய நாளாகிறது.

சைமனுக்கு மறு ஆண்டு ராபர்ட் டால் இன்னொரு தடையைச் சுட்டினார்: ஒரு சமூகச் சூழலில் பலித்த நிர்வாக முறை இன்னொன்றில் அப்படியே பலிக்கும் என்று கொள்ள முடியாது. 1995-இல் மத்திய அரசு பள்ளி உணவை நாடு முழுவதற்கும் அறிவித்தபோது பல மாநிலங்களில் சமையற்கூடமோ சமையலரோ இல்லை. அவை மாதந்தோறும் குழந்தைக்கு 3 கிலோ தானியம் கொடுத்தன. அந்தத் தானியம் வீட்டுப் பானையில் எல்லோருக்குமாய்ப் பங்கானது. அன்றாடம் பள்ளிக்கு வரவைக்கும் வலிமை அதற்கு இல்லை. சமைத்த உணவே தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது. ஆணை ஒரு நாளில் வந்துவிட்டது. அடுப்பு, தண்ணீர், சமையலர், இருப்பறை ஆகியவற்றை ஊர் ஊராக உண்டாக்க மாநிலங்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.