ஆப்ஷன் ஸ்மைலைச் சாய்ப்பது எது, வளைப்பது எது?

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அந்த ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. விழுந்த விலைகள் பிறகு மீண்டுவிட்டன. ஆனால் ஆப்ஷன் சந்தையில் அன்று நேர்ந்த மாற்றம் இன்றுவரை நேராகவில்லை. அதற்கு முன்பு ஒரே முதிர்வு நாள் கொண்ட ஆப்ஷன்களின் இம்ப்ளைட் வாலட்டிலிட்டியை ஒவ்வொரு ஸ்ட்ரைக் விலைக்கும் குறித்துக் கோடு போட்டால், அது ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். சரிவுக்குப் பிறகு அந்தக் கோடு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து நின்றது. இந்த மாற்றத்தை 1994இல் விரிவாக எழுதியவர் மார்க் ரூபின்ஸ்டைன். சரிவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்ட ‘போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸ்’ முறையை விற்ற நிறுவனத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர் என்பது வேடிக்கையான உண்மை.

இம்ப்ளைட் வாலட்டிலிட்டி என்பது சந்தையில் விற்கும் ப்ரீமியத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்கும் எண். ‘இந்த விலை சரியென்றால், ஆண்டுக்கு எத்தனை சதவீத ஏற்ற இறக்கத்தை எதிர்பார்க்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் தரும் விடை அது. 1973இல் வந்த அந்தச் சூத்திரம் ஏற்ற இறக்கம் மாறாத எண் என்று வைத்துக்கொள்கிறது. அது உண்மையானால் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே விடை வரவேண்டும். வருவதில்லை. வெவ்வேறு விடைகள் சேர்ந்து வரையும் கோட்டுக்குத்தான் வாலட்டிலிட்டி ஸ்மைல் என்று பெயர். டாலர்-யூரோ போன்ற நாணய ஆப்ஷன்களில் அது பெரும்பாலும் இருபுறமும் உயர்ந்து சிரித்த வாய் போலவே இருக்கும். பங்குக் குறியீடுகளில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஏற்ற இறக்கமே ஏறி இறங்குகிறது என்று ஒப்புக்கொண்டால் இந்தக் கோட்டை விளக்க முடியுமா? முடியும் என்று காட்டிய மாதிரிகளில் மிகவும் புழக்கத்தில் உள்ளது ஸ்டீவன் ஹெஸ்டன் 1993இல் வெளியிட்டது. அதில் ஐந்து எண்கள் உண்டு. இன்றைய ஏற்ற இறக்கத்தின் வர்க்கம் v₀. நீண்ட காலத்தில் அது போய்ச் சேரும் அளவு θ. எவ்வளவு வேகமாகப் போய்ச் சேரும் என்பது κ. வழியில் அது எவ்வளவு ஆட்டம் போடும் என்பது ξ. சந்தைக்காரர்கள் ‘வால் ஆஃப் வால்’ என்பது இதைத்தான். விலையின் அசைவுக்கும் ஏற்ற இறக்கத்தின் அசைவுக்கும் உள்ள உறவு ρ, அதாவது ரோ. இது −1 முதல் +1 வரை இருக்கலாம். v₀, θ இரண்டும் முக்கியமாகக் கோட்டை மேலே தூக்கும், கீழே இறக்கும். வடிவத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மற்ற மூன்றும்.

முதலில் வளைவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். ரோவைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வோம். குறியீடு 100இல் இருக்கிறது, ஒரு மாத ஆப்ஷன், வட்டியை விட்டுவிடலாம். அடுத்த மாதம் ஏற்ற இறக்கம் 10 சதவீதமாகவோ 30 சதவீதமாகவோ இருக்கலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு. 100 ஸ்ட்ரைக் புட்டின் விலை 10 சதவீதத்தில் சுமார் 1.15 ரூபாய், 30 சதவீதத்தில் 3.45. சராசரி 2.30. ஒரேயடியாக 20 சதவீதம் என்று போட்டுக் கணக்கிட்டாலும் அதே 2.30தான். ஆக, நடு ஸ்ட்ரைக்குக்கு இந்த நிச்சயமின்மை ஒரு பொருட்டே இல்லை.

இப்போது 90 ஸ்ட்ரைக் புட். 10 சதவீதத்தில் அதன் விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 30 சதவீதத்தில் 44 பைசா. சராசரி 22 பைசா. ஆனால் 20 சதவீதத்துக்கு உரிய விலை வெறும் 7 பைசா! 22 பைசாவை பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பின்னோக்கிப் போனால் 25 சதவீதம் என்கிறது. நடுவில் 20, ஓரத்தில் 25. வலப்பக்கத்தில் தூரத்து கால் ஆப்ஷன்களுக்கும் இதே கதைதான். கோடு இருபுறமும் உயர்ந்துவிட்டது. தூரத்து ஸ்ட்ரைக்கின் விலை ஏற்ற இறக்கத்தோடு நேர்க்கோட்டில் ஏறாமல் மேல்நோக்கி வளைந்து ஏறுவதுதான் காரணம். ஹெஸ்டன் மாதிரியில் இந்த 10, 30 என்ற பரவலைக் கூட்டிக் குறைப்பது ξ.

சாய்வு வேறு வழியில் வருகிறது. பங்குக் குறியீடு சரியும்போது பயம் கூடி ஏற்ற இறக்கமும் எகிறுகிறது, ஏறும்போது அடங்குகிறது. அதாவது ரோ எதிர்மறை. விழத் தொடங்கிய சந்தை இன்னும் வேகமாக ஆடுவதால் பெருவீழ்ச்சிக்கான வாய்ப்பு கூடுகிறது. கீழ் ஸ்ட்ரைக் புட்டுகளின் விலை ஏறுகிறது. ஏறும் சந்தை சாந்தமாகிவிடுவதால் மேல் ஸ்ட்ரைக் கால்கள் மலிவாகின்றன. ஆனால் ரோ மட்டும் இருந்து பயனில்லை. ஏற்ற இறக்கம் அசையவே இல்லையென்றால் எதோடு உறவு கொள்வது? ஆகவே சாய்வைத் தருவது ρ, ξ இரண்டின் பெருக்கல்.

முதிர்வு மிக நெருங்கிய ஆப்ஷன்களுக்கு, நடு ஸ்ட்ரைக்கின் அருகில், இதைச் சுருக்கமான சூத்திரமாகவே எழுதலாம். ஸ்ட்ரைக்கை இன்றைய விலையால் வகுத்து மடக்கை எடுத்தால் வருவது k.

```
σ(k) ≈ √v₀ · [ 1 + ρz/4 + (1 − 5ρ²/2)·z²/24 ],   z = ξk/v₀
```

இரண்டாவது உறுப்பு சாய்வு, மூன்றாவது வளைவு. வளைவு ξயின் வர்க்கத்தைப் பொறுத்தது. Ξ இரட்டித்தால் வளைவு நான்கு மடங்காகும். எதிர்பாராத செய்தி அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ரோ எந்தத் திசையில் வலுத்தாலும் வளைவு குறைகிறது. அதன் வர்க்கம் 0.4ஐத் தாண்டினால், அதாவது ரோ −0.63ஐவிடக் கீழே போனால், நடுப்பகுதியில் கோடு மேல்நோக்கி வளையாமல் லேசாகக் கீழ்நோக்கியே வளைகிறது. உறவு இறுக இறுக, ஏற்ற இறக்கத்தின் ஆட்டத்தில் பெரும்பகுதியை விலையே தீர்மானித்துவிடுகிறது. ஓரங்களைத் தூக்கிவிடும் சுதந்திரமான ஆட்டம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இன்றைய ஏற்ற இறக்கம் 20 சதவீதம், எனவே v₀ = 0.04. முதல் கணக்கில் ρ = −0.7, ξ = 0.4. குறியீடு 100 என்றால் 95 ஸ்ட்ரைக்குக்குச் சுமார் 21.7 சதவீதமும், 105க்குச் சுமார் 18.2 சதவீதமும் வருகின்றன. நடுவில் 20. கிட்டத்தட்ட நேர்க்கோடு. இரண்டாவது கணக்கில் ரோவைப் பாதியாக்கி −0.35, ξயை இரட்டித்து 0.8. பெருக்கல் அதே −0.28தான், சாய்வும் அதுவே. ஆனால் இப்போது 95க்குச் சுமார் 22.4, 105க்கு 18.8. இரு ஓரங்களும் அரை சதவீதத்துக்கு மேல் தூக்கப்பட்டிருக்கின்றன. சாய்வை மட்டும் அளப்பவருக்கு இந்த இரண்டு சந்தைகளும் ஒன்றுபோலவே தெரியும். ரோ எவ்வளவு, ξ எவ்வளவு என்று பிரித்தறிய ஓரத்து ஸ்ட்ரைக்குகளின் விலைகளும் வேண்டும். அங்கேதான் வியாபாரம் குறைவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். ஹெஸ்டன் மாதிரியைச் சந்தை விலைகளோடு பொருத்துபவர்களுக்குப் பாதித் தலைவலி இதனால்தான்.

மீதித் தலைவலி κயால். ஏற்ற இறக்கம் எவ்வளவு விலகிப் போனாலும் θ பக்கமே அதை இழுத்துக்கொண்டிருக்கும் ரப்பர் கயிறு அது. κ = 2 என்றால் ஒரு விலகல் பாதியாகக் குறைய நான்கு மாதங்களுக்குச் சற்று அதிகமாகும். ஒரு வார ஆப்ஷனுக்குக் கயிறு இழுக்க நேரமே இல்லை. சாய்வும் வளைவும் முழுசாகத் தெரியும். நீண்ட முதிர்வில் இழுப்புகள் சேர்ந்து, ஏற்ற இறக்கத்தின் ஆட்டமெல்லாம் சராசரியில் கரைந்துபோகும்; கோடு தட்டையாகும். v₀, θ இரண்டும் 0.04 என்று வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், மிகக் குறுகிய முதிர்வின் சாய்வை 100 என்று கொள்ளும்போது ஒரு மாதத்தில் அது 95, ஓராண்டில் 57, இரண்டாண்டில் 38. κயை 5ஆக உயர்த்தினால் ஓராண்டிலேயே 32க்கு இறங்கிவிடும்.

இதனால் ஒரு குழப்பம். ஓராண்டு முதிர்வை மட்டும் வைத்துப் பொருத்தினால், பெரிய ξயும் பெரிய κயும் சேர்ந்து தரும் கோட்டையே சிறிய ξயும் சிறிய κயும் சேர்ந்து ஏறக்குறைய தந்துவிடும். கணினி இன்று ஒரு ஜோடியையும் நாளை வேறொரு ஜோடியையும் கக்கும். சந்தை விலைகளோ பெரிதாக மாறியே இருக்காது. நாளுக்கு நாள் κயும் ξயும் கைகோத்துத் தாவினால், பொருத்தியதில் கோளாறு என்று கண்டுகொள்ளலாம். பலர் κயை ஒரு எண்ணில் கட்டிப்போட்டுவிட்டு மற்றதைத் தேடுவது அதற்காகத்தான். வெவ்வேறு முதிர்வுகளைச் சேர்த்துப் பொருத்துவதே முறையான வழி.

அப்படிச் சேர்க்கும்போது மாதிரியின் எல்லை வெளிப்படுகிறது. மேலே உள்ள கணக்கில் ஒரு மாதச் சாய்வு ஓராண்டுச் சாய்வைப்போல் சுமார் 1.7 மடங்குதான். எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன்களில் முதிர்வு குறையக் குறையச் சாய்வு இதைவிட வேகமாகச் செங்குத்தாகிறது. இந்தியாவில் 2019இல் வந்த நிஃப்டி வாராந்திர ஆப்ஷன்களைப் போன்ற குறுகிய முதிர்வுகளில்தான் இந்த மாதிரி அதிகம் திணறும். அந்தச் செங்குத்தைப் பிடிக்கக் கணினி ξயை ஏற்றிக்கொண்டே போகும். ஆனால் ஏற்ற இறக்கம் பூஜ்யத்தைத் தொடாமலிருக்க 2κθ என்பது ξ²க்குக் குறையக்கூடாது. κ = 2, θ = 0.04, ξ = 0.4 என்றால் இரண்டும் சரியாக 0.16, விளிம்பில் நிற்கிறோம். ξ = 0.8 என்றால் 0.16க்கு எதிரே 0.64. மாதிரி உடைந்துவிடாதுதான், ஆனால் அதில் ஏற்ற இறக்கம் அடிக்கடி பூஜ்யத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சந்தையும் அப்படி நடந்துகொள்வதில்லை. கணினியில் படிப்படியாக விலைப்பாதைகளை உருவாக்கிச் சராசரி எடுக்கும் முறையும் அங்கே தடுமாறும்.

டேவிட் பேட்ஸ் 1996இல் ஹெஸ்டன் மாதிரியோடு திடீர்த் தாவல்களைச் சேர்த்தார். குறுகிய முதிர்வின் சாய்வைத் தாவல்கள் சுமந்துகொள்ள, ξ நியாயமான அளவில் இருக்க முடிகிறது. விலையாக இன்னும் சில எண்களைப் பொருத்த வேண்டியிருக்கும். ஜிம் கேதரல், திபோ ஜெய்சன், மாத்தியூ ரோசன்பாம் மூவரும் 2014இல் வேறு திசையில் போனார்கள். ஏற்ற இறக்கத்தின் பாதையே ஹெஸ்டன் நினைத்ததைவிட மிகவும் கரடுமுரடானது என்றார்கள். அந்தக் கரடுமுரடை அளக்கும் ஹர்ஸ்ட் எண் சுமார் 0.1 என்று தரவுகளிலிருந்து காட்டினார்கள். அந்த எண்ணை வைத்தால் சாய்வு முதிர்வின் −0.4 அடுக்கில் போகும். ஒரு மாதச் சாய்வு ஓராண்டுச் சாய்வைப்போல் சுமார் 2.7 மடங்காகும். சந்தைக்கு இது நெருக்கம். ஆனால் ஹெஸ்டன் மாதிரியில் நொடியில் முடியும் விலைக் கணக்கு இங்கே நேரம் தின்கிறது. அதனால்தான் முப்பதாண்டு பழைய அந்த ஐந்து எண்களை, குறைகள் தெரிந்தும், வர்த்தக மேசைகள் இன்னும் கைவிடவில்லை.