பாட்டு வாத்தியாரிடம் விடைபெறும் நாள்

பாகூர் கொம்யூனில் உள்ள கரையாம்புத்தூர் போன்ற ஊர்களில், பல ஆண்டுகள் பாட்டுப் படித்த பெண் ஒருநாள் பாடத்தை நிறுத்த நேர்கிறது. கலியாணம் நிச்சயமாகிவிடும், அல்லது வெளியூர்ப் படிப்பு வந்துவிடும். தாயார் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி வைத்துக் கொடுப்பார். பெண் வாத்தியாரின் காலில் விழுந்து எழுவாள். "நல்லா இரும்மா, பாட்டை விட்டுடாதே" என்பார் அவர்.

ஆனால் பாட்டை விடாமல் இருக்க, அவளிடம் மிஞ்சுவது ஒரு நோட்டுப் புத்தகம்தானே!

நோட்டு முழுவதையும் சொல்லாது

தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரத்தை நோட்டில் 'க' என்று ஒற்றை எழுத்தாகத்தான் எழுதுகிறார்கள். பாடும்போதோ அந்தச் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்திமத்துக்கும் இடையே ஊஞ்சல் போல ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்குக் கமகம் என்று பெயர். எழுத்தைப் பார்த்து அசையாமல் பாடினால் சுரம் சரியாக இருக்கும், தோடி இருக்காது. வாத்தியார் அருகில் உள்ளவரை அவர் வாயைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பிறகு?

ஆகையால் தட்டு கொடுக்கும் நாளுக்குச் சில வாரம் முன்பே, பழைய நோட்டை எடுத்து வாத்தியார் முன் முதல் பக்கத்திலிருந்து பாடிக் காட்டுவது நல்லது. புதுப் பாட்டு வேண்டாம். அவர் நிறுத்தும் இடங்களில் கோடு போட்டு, அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தன் சொந்தக் குறியால் எழுதிக்கொள்ள வேண்டும். வாத்தியார் சம்மதித்தால் அவர் பாடுவதைக் கைபேசியில் பதிவும் செய்துகொள்ளலாம். ஆனால் பதிவு நம் பிழையைச் சொல்லாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர் வீட்டுக்குப் போய்ப் பாடிக் காட்டுவதற்கு ஈடு இல்லை.

வாலாஜாபேட்டை சிஷ்யர்

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளிடம் அப்படிப் பயின்றவர் வெங்கடரமண பாகவதர். தஞ்சை–கும்பகோணம் சாலையிலுள்ள அய்யம்பேட்டையில் வாழ்ந்தவர். அவர் குருவிடம் 26 ஆண்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். பிறகு வடக்கே, ராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள வாலாஜாபேட்டைக்குக் குடிபோனார். அந்நாளில் ரயில் ஏது? தினசரிப் பாடம் அத்தோடு நின்றது.

ஆனால் அவர் கையில் ஏடுகள் இருந்தன. அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் கீர்த்தனைகளை எழுதி வைத்தார்கள். குருவின் வாழ்க்கையையும் எழுதினார்கள். தியாகராஜரைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும் பகுதிக்கு அந்த வீட்டு ஏடுகளே ஆதாரம். அவை பின்னர் மதுரை சௌராஷ்டிர சபைக்குச் சென்றன.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 1839-ல், 72 வயதில், தியாகராஜரே வாலாஜாபேட்டைக்கு வந்தார். வழக்கமாகச் சிஷ்யன்தான் குருவைத் தேடிப் போவான். இங்கே குரு சிஷ்யரின் ஊருக்கு வந்தார்! பாகவதரின் மாணவரான மைசூர் சதாசிவ ராவ் அந்த வருகையைப் பற்றித் தோடி ராகத்திலேயே ஒரு கீர்த்தனை செய்தார்.