திறக்காத கடிதத்தைத் திறந்ததாகச் சொல்லும் எண்

தெம்பனிஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தமிழ் மொழி மன்றம், ஈக்கோ கிரீன் பூங்காவில் ஓர் இயற்கை நடைக்கு ஏற்பாடு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் 400 பேருக்கு மின்னஞ்சல் போகிறது. மறுநாள், “62 விழுக்காட்டினர் திறந்து பார்த்தனர்” என்கிறது அனுப்பும் சேவையின் அறிக்கை. மாணவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் நடைக்கு வந்தது 21 பேர். மற்றவர்கள் ஆர்வம் இழந்துவிட்டார்களா? அல்லது அந்த எண்ணே தவறா?

கண்ணுக்குத் தெரியாத படம்

நீங்கள் ஒரு மின்னஞ்சலைத் திறந்தது அனுப்பியவருக்கு எப்படித் தெரிகிறது? கடிதத்துக்குள் ஒரே ஒரு புள்ளி அளவில் ஒரு படம் ஒளிந்திருக்கும். அதற்கான கட்டளை இப்படி இருக்கும்:

```
<img src="https://example.com/p.gif?id=1047" width="1" height="1">
```

கடிதத்தைக் காட்டும்போது உங்கள் கைப்பேசி அந்தப் படத்தை அனுப்பியவரின் கணினியிடம் கேட்கும். 1047 என்பது உங்களுக்கு மட்டும் தரப்பட்ட எண். அந்த எண்ணுள்ள படம் கேட்கப்பட்டதும், “1047 திறந்துவிட்டார்” என்று பதிவாகும். ஆக, எண்ணப்படுவது படம் கேட்கப்பட்ட தடவைதான். படித்த மனிதர் அல்ல.

இது உளவு பார்ப்பதுபோல் இருக்கிறது என்ற குறை பல காலமாக இருந்தது. 2021 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 15 மென்பொருளில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. ஆப்பிளின் மெயில் செயலியில் அதை ஏற்றுக்கொண்டவருக்கு வரும் கடிதத்தின் படங்களை, ஆப்பிளின் இடைநிலைக் கணினிகள் வழியாகச் செயலி முன்கூட்டியே இறக்கிவிடும். பெறுபவர் கடிதத்தைத் தொடாவிட்டாலும் “திறந்தார்” என்றே பதிவாகும். ஜிமெயில் முகவரியாக இருந்தாலும், அதை ஆப்பிளின் மெயில் செயலியில் படித்தால் இதே கதைதான்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

அனுப்பிய 400 கடிதங்களில் 20 முகவரி தவறியதால் திரும்பி வந்தன. சேர்ந்தவை 380. அவற்றில் 190 பேர் ஆப்பிள் பாதுகாப்பைப் பயன்படுத்துபவர்கள். அவர்களில் 180 பேரின் படங்கள் தாமாகவே இறங்கின. மீதி 190 பேரில் 57 பேர் திறந்தனர். 180-உம் 57-உம் சேர்ந்து 237. அதாவது 62 விழுக்காடு.

ஆப்பிள் பாதுகாப்பு இல்லாதவர்களை மட்டும் பார்த்தால் 190-இல் 57, அதாவது 30 விழுக்காடு. இந்த எண் உண்மைக்கு நெருக்கமானது. இதுவும் முழு உண்மை ஆகிவிடாது. படங்களைக் காட்டாதபடி அமைத்துவிட்டுப் படிப்பவர் இதில் விடுபட்டிருப்பார்.

அடுத்து, கடிதத்தில் இருந்த பதிவு இணைப்பு. அதைச் சொடுக்கியதாகப் பதிவானவை 38 முகவரிகள். திறந்தவர்களில் எத்தனை பேர் சொடுக்கினர் என்று கணக்கிட்டால் 237-இல் 38, வெறும் 16 விழுக்காடு. கீழே உள்ள எண் வீங்கியதால் கடிதமே மோசம்போல் தெரிகிறது. சேர்ந்த 380-ஐக் கீழே வைத்தால் 10 விழுக்காடு. வீங்கிய எண் இதைத் தொடுவதில்லை.

அந்த 38-உம் மனிதர்களா? அதையும் பார்க்கவேண்டும். அலுவலக முகவரிகளுக்கு வரும் கடிதங்களின் இணைப்புகளை, ஆபத்து உண்டா என்று பாதுகாப்பு மென்பொருள் தானே சொடுக்கிப் பார்ப்பதுண்டு. கடிதம் சேர்ந்த சில நொடிகளில், எல்லா இணைப்புகளும் ஒன்றாகச் சொடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. அப்படி 8 கழிந்தால் மீதி 30. படிவத்தை நிரப்பியவர் 24. வந்தவர் 21. மனிதரின் முயற்சி கூடக்கூட, எண்ணின் நம்பகமும் கூடுகிறது. 30 பேர் சொடுக்கி 21 பேர் வந்தது மோசமான பலன் அல்ல.

சொடுக்கே இல்லாவிட்டால்?

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. 2021 இறுதியில், ஓசிபிசி வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றிய போலிக் குறுஞ்செய்திகளின் இணைப்புகளைத் தொட்டு 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தனர். 2022 ஜனவரி 19-இல் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் புதிய நடவடிக்கைகளை அறிவித்தன. தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் சொடுக்கக்கூடிய இணைப்புகளை நீக்குவது அவற்றுள் ஒன்று.

இணைப்பு இல்லாத கடிதத்தில் எண்ணுவதற்குச் சொடுக்கும் இல்லை. திறப்பு எண்ணோ வீங்கியது. கடிதம் பயன்பட்டதா என்று அறிய, வாடிக்கையாளர் தாமே வங்கிச் செயலிக்குள் போய்ச் சொன்ன வேலையைச் செய்தாரா என்றுதான் பார்க்கவேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு: கடிதம் வராமலே அதைச் செய்திருக்கக்கூடியவர்களும் இருப்பார்கள். அதனால் ஒரு குழுவுக்குக் கடிதம் அனுப்பி, குலுக்கல் முறையில் பிரித்த மற்றொரு குழுவுக்கு அனுப்பாமல் விட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம். அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் கட்டுப்பாட்டுச் சோதனையும் இதுதான். அந்த வேறுபாடே கடிதத்தின் பலன்.