டியூஷன் நோட்டில் ஒரு கூடுதல் கட்டம்

வீட்டுக்கு வந்து கணக்கு சொல்லித்தரும் டீச்சர் ஒருவர். மாதம் 12 வகுப்பு, 2,400 ரூபாய், முன்பணம். அப்படியென்றால் ஒரு வகுப்பு 200 ரூபாய்.

ஏப்ரலில் 9, 11 தேதிகளில் டீச்சருக்குக் காய்ச்சல். இரண்டு வகுப்பு ரத்து. 23ஆம் தேதி பையன் வீட்டார் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டு, வகுப்புக்கு அரை மணி முன்னால்தான் போன் செய்தார்கள். முதல் நாளே சொல்லாவிட்டால் வகுப்பு நடந்ததாகவே கணக்கு என்று தொடக்கத்திலேயே பேசியிருந்ததால் சச்சரவு இல்லை. இதை வாய்வார்த்தையாக விடாமல் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.

20ஆம் தேதி ஞாயிறன்று ஒரு ஈட்டு வகுப்பு நடந்தது. அந்த வரியில் தேதியோடு 'எந்த நாளுக்கு ஈடு' என்ற கட்டத்தில் '9' என்று எழுத வேண்டும். 11ஆம் தேதி மட்டும் பாக்கி. அதன் 200 ரூபாய் வரவாக மே மாதத்துக்குப் போகிறது. மே கட்டணம் 2,200.

பாக்கியை வகுப்பாக மட்டும் குறிக்காமல் ரூபாயாகவும் எழுதினால், ஜூனில் கட்டணம் ஏறினாலும் பழைய விலை குழம்பாது.

சிக்கல் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பரீட்சை நெருங்க, மே 4 அன்று டீச்சர் அந்த 11ஆம் தேதி வகுப்பையும் எடுத்துவிடுகிறார். பணமும் கழிந்தது, வகுப்பும் நடந்தது. 'ஈடு' கட்டத்தில் '11' விழும்போதே, ஏற்கெனவே கழித்த வரி கண்ணில் படும். அந்த 200 ரூபாயை ஜூன் கட்டணத்தில் சேர்த்து வாங்கலாம்.