பீரோவில் பதிவேடு, கணினியில் நகல்

பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையனின் டைரிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. பள்ளி அலுவலகத்துக் கணினி திருட்டுப் போய்விட்டது, போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம், சேர்க்கையின்போது கொடுத்த ஆவணங்களின் நகல்களை மறுபடி தர வேண்டும் என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்டு, முத்திரை வைத்திருந்தார். படித்ததும் பையனின் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "டி.சி.யும் போயிடுச்சா?"

போகவில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சேர்க்கை எண் எல்லாம் மையால் எழுதப்பட்ட சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கின்றன. அது பீரோவில் பத்திரம். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் காகிதக் கோப்பில் இருக்கிறது. எமிஸ் விவரங்கள் அரசின் சர்வரில் இருப்பதால் அந்த எண்ணும் மாறாது. போனவை ஸ்கேன் செய்து வைத்த நகல்களும், இன்னும் எமிஸில் ஏற்றாமல் கணினியில் மட்டும் இருந்த சில திருத்தங்களும்தான்.

மறுநாள் அவரோடு நானும் போனேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எழுத்தரிடம் நீட்டினார். "ஒரிஜினலைக் காட்டிட்டுக் கையோட எடுத்துட்டுப் போங்கம்மா, ஜெராக்ஸ் போதும்" என்றார் எழுத்தர். சாதிச் சான்றிதழ் இ-சேவை வழியாக வாங்கியது. அதிலுள்ள எண்ணைப் போட்டு அங்கேயே இணையத்தில் சரிபார்த்தார். ஆதாருக்கு முதல் எட்டு இலக்கங்களை மறைத்த பிரதியே போதும் என்றார். ஒவ்வொரு ஜெராக்ஸின் மேலும் குறுக்காக 'பள்ளிப் பதிவுக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடச் சொன்னேன். திருட்டு நடந்த பள்ளியில் இது அதிகப்படி ஜாக்கிரதை ஆகாது.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது; பதிவேட்டில் முதலெழுத்து மட்டும். "இதோட ஆதார் மாதிரியே மாத்திடுங்க சார்" என்றார் அம்மா. எழுத்தர் சம்மதிக்கவில்லை, அதுதான் சரி. தொலைந்த நகலை மீண்டும் தருவது வேறு, பதிவையே திருத்துவது வேறு. திருத்தத்துக்குத் தனி விண்ணப்பமும் ஆதாரமும் வேண்டும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் அது மதிப்பெண் சான்றிதழ் வரை போய் நிற்கும்.

அறிவிப்பில் ஒரு வரி விடுபட்டிருந்தது என்பது என் குறை. திருடியவன் கையில் பெற்றோரின் கைபேசி எண்ணும் பிள்ளையின் பெயரும் சேர்ந்தே இருக்கலாம். 'உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க' என்று வகுப்பு, பிரிவு உட்பட சரியாகச் சொல்லி ஒருவன் பேசினால் யாரும் நம்பிவிடுவார்கள். இப்படிப் போனில் யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னபோது, அடுத்த தாளில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

கிளம்பும்போது அம்மா கேட்டு வாங்கியது ஒரு துண்டுச் சீட்டு: எந்தெந்த நகல் பெறப்பட்டது, தேதி, எழுத்தரின் கையெழுத்து. அதை அந்த நாலாக மடித்த தாளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.